ஒரே படத்திலிருந்து ஒரு வீட்டை எழுப்புவது: செய்முறையும் அதன் எல்லையும்

இடித்துவிட்ட பூர்வீக வீடு. கையில் இருப்பது ஒரே ஒரு புகைப்படம். அதை வைத்துச் சுற்றிப் பார்க்கக்கூடிய ஒரு முப்பரிமாண மாதிரியைச் செய்ய முடியுமா? முரட்டு மாதிரி என்றால் முடியும். வீடு இன்னும் நிற்கிறது என்றால் இந்த வேலையே வேண்டாம். சுற்றி நடந்து நாற்பது ஐம்பது படம் எடுத்து அதற்கான மென்பொருளில் போட்டால் இதைவிட நல்ல மாதிரி கிடைக்கும். ஒரே படம்தான் கதி என்பவர்களுக்கே இந்தக் கட்டுரை.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் ஒவ்வொரு பிக்சலும் ஒரு திசையை மட்டுமே சொல்கிறது. கேமராவிலிருந்து அந்தத் திசையில் போனால் ஏதோ ஒன்று இருக்கிறது என்று சொல்லும். எவ்வளவு தூரத்தில் என்று சொல்லாது. தூரத்தை நாம்தான் கொடுக்க வேண்டும், அதைக் கொடுப்பது நம் அனுமானங்கள். இந்த இரண்டு சுவரும் செங்கோணத்தில் சந்திக்கின்றன, இந்தச் சுவர் தரையில் நிற்கிறது, இந்தக் கதவு ஏழடி உயரம் என்பவைதான் அவை. அனுமானம் சரியானால் மாதிரியும் சரி. அனுமானமே இல்லாத இடத்தில் மாதிரி வெறும் கற்பனை. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இந்தக் கணக்குதான் ஓடுகிறது.

பயன்படுத்தப்போவது இரண்டு இலவச மென்பொருள்கள். படம் எடுத்த கேமரா எங்கே, எப்படி நின்றது என்று கண்டுபிடிக்க fSpy. மாதிரியைக் கட்ட பிளெண்டர்.

எந்தப் படம் உதவும்

வீட்டின் மூலை நம்மைப் பார்த்து நிற்க வேண்டும். இரண்டு சுவர்களும் தெரிய வேண்டும். முகப்பை நேருக்கு நேர் எடுத்த படத்தில் ஒரு திசைக் கோடுகள் மட்டுமே சாய்ந்து ஓடும். அதிலும் வேலை செய்யலாம், ஆனால் லென்ஸின் குவியத்தூரத்தை நீங்களே வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுத்ததும் சரிப்படாது. அதில் கோடுகள் கிட்டத்தட்ட இணையாகவே ஓடுவதால், சாய்வு ஒரு பிக்சல் மாறினாலும் விடை எங்கோ போய்விடும்.

வாட்ஸ்அப்பில் படமாக வந்தது என்றால் அளவு சுருங்கியிருக்கும், கேமரா விவரங்களும் போயிருக்கும். அனுப்பியவரிடம் அதையே டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். செல்போனின் 0.5x அகல லென்ஸில் எடுத்த படத்தில் ஓரங்களில் நேர்கோடுகள் வளையலாம். திரையில் கைப்பிடிச் சுவரின் விளிம்போடு ஒரு அட்டையை வைத்துப் பாருங்கள். நடுவில் வயிறு தள்ளினால் முதலில் கிம்ப்பில் `Filters > Distorts > Lens Distortion` போட்டு நேராக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். fSpy எல்லாக் கோடும் நேர்கோடு என்றே நம்பும். பனோரமா படத்தைத் தொடவே வேண்டாம்.

எல்லாவற்றையும்விட அதிகமாகக் கெடுப்பது, ஓரத்தை வெட்டிய படம். ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

கேமராவைக் கண்டுபிடிப்பது

தண்டவாளம் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வதுபோலத் தோன்றும் அல்லவா, அதுதான் மறைபுள்ளி. ஒரு சுவரில் படுக்கையாக ஓடும் எல்லாக் கோடுகளும் (கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பு, சன்ஷேடு, ஜன்னலின் அடி, சுவர் தரையைத் தொடும் கோடு) நீட்டினால் ஒரே மறைபுள்ளியில் சேரும். அடுத்த சுவருக்கு வேறொரு மறைபுள்ளி. இரண்டு சுவர்களும் செங்கோணத்தில் இருந்தால், அந்த இரண்டு புள்ளிகளிலிருந்தே குவியத்தூரம் கிடைத்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். கடைசி வரை இதே வீடுதான். மொட்டை மாடி வைத்த ஒற்றைத் தள வீடு. செல்போன் படம், 4000க்கு 3000 பிக்சல். கணக்கு எளிதாக இருக்க, கேமராவை மேலேயோ கீழேயோ சாய்க்காமல் மட்டமாகப் பிடித்ததாக வைத்துக்கொள்வோம். இடப்பக்கச் சுவரின் மறைபுள்ளி படத்தின் நடுவிலிருந்து 2100 பிக்சல் இடப்புறம் விழுகிறது, அதாவது படத்தின் ஓரத்துக்கு வெளியே 100 பிக்சல். வலப்பக்கச் சுவருடையது நடுவிலிருந்து 4285 பிக்சல் வலப்புறம், படத்துக்கு வெகு வெளியே. அப்படியானால் பிக்சலில் குவியத்தூரம்:

```
f = √(2100 × 4285) ≈ 3000
```

இதைச் சரிபார்க்கவும் வழி உண்டு. படத்தின் விவரத்தில் 35 மி.மீ. ஃபிலிமுக்கு ஈடாக 26 மி.மீ. என்று இருக்கிறது. அந்த ஈடு மூலைவிட்டத்தை வைத்துப் போடப்படுவது. ஃபிலிமின் மூலைவிட்டம் 43.3 மி.மீ., நம் படத்தின் மூலைவிட்டம் 5000 பிக்சல். 26ஐ 43.3ஆல் வகுத்து 5000ஆல் பெருக்கினால் 3000. இரண்டு வழியிலும் ஒரே விடை என்றால் சுவர்கள் செங்கோணம்தான், படமும் வெட்டப்படாததுதான் என்று நம்பலாம். (இதே கேமராவுக்குப் பிளெண்டர் 27 மி.மீ. என்று காட்டும். அது மூலைவிட்டத்தை விட்டு 36 மி.மீ. அகலத்தை வைத்துக் கணக்குப் போடுவதால்தான். பிழை என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள்.)

இப்போது வெட்டிய படத்துக்கு வருவோம். யாரோ வலப்புறம் 1000 பிக்சலை வெட்டிவிட்டார்கள். மென்பொருளுக்கு அது தெரியாது. மிச்சப் படத்தின் நடுவையே லென்ஸின் நடு என்று எடுத்துக்கொள்ளும். நடு 500 பிக்சல் இடப்புறம் நகர்ந்துவிட்டதால் மறைபுள்ளிகள் 1600, 4785 என்று ஆகின்றன. குவியத்தூரம் 2767 என்று வரும். எட்டு சதவீதப் பிழை, ஒரு சத்தமும் இல்லாமல். படத்தோடு மாதிரி நன்றாகப் பொருந்துவதுபோலவே தெரியும், ஆனால் சுவர்களின் நீளம் தப்பாக இருக்கும்.

fSpyயில் இந்தக் கணக்கை நீங்கள் போட வேண்டியதில்லை. படத்தைத் திறந்து, இடப்புறப் பலகத்தில் மறைபுள்ளிகளின் எண்ணிக்கையை 2 என்று வையுங்கள். படத்தின் மேல் இரண்டு நிறத்தில் இரண்டிரண்டு கோடுகள் தெரியும். ஒரு நிற ஜோடியை இடச் சுவரின் படுக்கைக் கோடுகள் மேலும், மற்றதை வலச் சுவரின் கோடுகள் மேலும் பொருத்த வேண்டும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு கோடு முடிந்த அளவு மேலே, ஒன்று முடிந்த அளவு கீழே, இரண்டும் முடிந்த அளவு நீளமாக இருக்கட்டும். கைப்பிடிச் சுவரின் உச்சியும் சுவரின் அடியும்தான் நல்ல ஜோடி. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு குட்டைக் கோடுகளைப் பிடித்தால் மறைபுள்ளி ஆடிக்கொண்டே இருக்கும். `Shift` விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் அந்த இடம் பெரிதாகத் தெரியும். நுனிகளை அப்படித்தான் வைக்க வேண்டும்.

`Vanishing point axes` என்ற இடத்தில் ஒரு சுவருக்கு x, மற்றதற்கு y கொடுங்கள். மூன்றாவதான z மேல்நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்நோக்கி இருந்தால் ஏதாவது ஒன்றின் குறியை மாற்றினால் போதும். `Principal point` என்பதை `Midpoint` என்றே விடுங்கள். `3D guide`-இல் ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்தால், வீட்டின் மேல் ஒரு பெட்டி ஒட்டிக்கொண்டு நிற்கும். அது வீட்டோடு சேர்ந்து சாய்கிறதா என்பதைக் கண்ணே சொல்லிவிடும். வலப்புறப் பலகத்தில் கிடைமட்டப் பார்வைக் கோணத்தையும் பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் அது 67 பாகையை ஒட்டி இருக்க வேண்டும். சாதாரண செல்போன் படத்துக்கு 40 என்றோ 95 என்றோ வந்தால் கோடுகள் தப்பு, இல்லையென்றால் படம் வெட்டப்பட்டது.

அளவு எங்கிருந்து வருகிறது

இதுவரை நமக்குக் கிடைத்தது வடிவம் மட்டும், அளவு கிடைக்கவில்லை. அச்சு அசலாகச் செய்த கொலு பொம்மை வீட்டைப் பக்கத்திலிருந்து எடுத்தாலும், நிஜ வீட்டைத் தூரத்திலிருந்து எடுத்தாலும் கோடுகள் ஒன்றேதான். படத்தில் உள்ள ஏதாவது ஒன்றின் நிஜ அளவு வெளியிலிருந்து தெரிந்தாக வேண்டும்.

வீட்டுக்குள் நுழையும் கதவு நம் பக்கம் பெரும்பாலும் ஏழடி, அதாவது ஏறக்குறைய 2.1 மீட்டர். வாசலில் மூன்று படி. ஒவ்வொன்றும் அரை அடி, 15 செ.மீ. என்று கொண்டால் பேஸ்மட்டம் 0.45 மீட்டர். இனி ஓர் அழகான விதி. இரண்டு மறைபுள்ளிகளையும் சேர்க்கும் கோடுதான் தொடுவானக் கோடு. மட்டமான தரையில் நிற்கும் எந்தப் பொருளையும் அந்தக் கோடு கேமராவின் உயரத்திலேயே வெட்டும், பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் சரி. நம் படத்தில் கேமரா மட்டம் என்பதால் தொடுவானக் கோடு சரியாகப் படத்தின் நடுவில், மேலிருந்து 1500ஆவது பிக்சலில் ஓடுகிறது. அது கதவைச் சரிபாதியில் வெட்டுகிறது. கதவின் பாதி 1.05 மீட்டர், அதோடு பேஸ்மட்டம் 0.45. கேமரா தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருந்திருக்கிறது. படம் எடுத்தவரைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

இதை வைத்து வீட்டு மூலையின் உயரத்தைக் கண்டுபிடிக்கலாம். மூலையின் அடி 1950ஆவது பிக்சலில், கைப்பிடிச் சுவரின் உச்சி 600இல்:

```
உயரம் = 1.5 × (1950 − 600) / (1950 − 1500) = 4.5 மீ.
```

அடியிலிருந்து தொடுவானம் வரை 450 பிக்சல் என்பது 1.5 மீட்டர் என்றால், அடியிலிருந்து உச்சி வரை 1350 பிக்சல் அதன் மூன்று மடங்கு. அவ்வளவுதான். கேமரா சாய்ந்திருந்தால் இந்த நேரடிச் சூத்திரம் பொருந்தாது. fSpy சாய்வையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளும்.

இங்கே எது எவ்வளவு கெடுக்கும் என்று தெரிந்திருப்பது நல்லது. செடி மறைத்து, சுவரின் அடியை 10 பிக்சல் மேலே குறித்துவிட்டால் உயரத்தில் 7 செ.மீ. தான் மாறும். கேமராவின் உயரம் 1.5 என்றே இருக்க, தொடுவானக் கோட்டை 20 பிக்சல் கீழே இறக்கிவிட்டால் 21 செ.மீ. கூடும். தெரு சரிவாக இருந்தாலும் கணக்கு கோணலாகும், ஏனென்றால் தரை மட்டம் என்ற அனுமானமே அங்கே உடைந்துவிடுகிறது.

fSpyயில் ஆதிப்புள்ளியை மூலையின் அடியில் வையுங்கள். `Reference distance` என்பதில் z அச்சைத் தேர்ந்தெடுத்து, இரண்டு குறிகளையும் மூலையின் அடிக்கும் உச்சிக்கும் நகர்த்தி 4.5 என்று கொடுங்கள். கோப்பைச் சேமித்துவிடுங்கள்.

பிளெண்டருக்கு fSpy கோப்பைத் திறக்க ஒரு ஆட்-ஆன் வேண்டும். அதை `.zip` ஆகவே `Edit > Preferences > Add-ons` வழியாக நிறுவ வேண்டும். விரித்துவிட்டு நிறுவப் பார்த்து, வரவில்லையே என்று விழிப்பவர்கள் அதிகம். சில பிரவுசர்கள் இறக்கியவுடன் தாங்களே விரித்தும் வைத்துவிடும். பிறகு `File > Import > fSpy`. கேமராவும் அதன் பின்னால் உங்கள் படமும் வந்து நிற்கும். உடனே அந்தக் கேமராவின் இடத்தையும் கோணத்தையும் `N` பலகத்தில் பூட்டுக் குறியால் பூட்டிவிடுங்கள். `Lock Camera to View` தெரியாமல் போடப்பட்டிருந்தால், பார்வையைத் திருப்பும்போது கேமராவும் கூடவே நகர்ந்து எல்லாம் வீணாகும்.

பெட்டியை எழுப்புவது

எண் பலகையில் 0 அழுத்திக் கேமரா வழியாகப் பாருங்கள். ஒரு கனசதுரத்தைச் சேர்த்து, `Tab` அழுத்தி, அதன் ஒரு கீழ் மூலை ஆதிப்புள்ளியில் வரும்படி முனைகள் எல்லாவற்றையும் நகர்த்துங்கள். `Z` அழுத்திக் கம்பிச் சட்ட வடிவில் பார்த்தால் பின்னால் படம் தெரியும். மேல் முகத்தைத் தேர்ந்தெடுத்து `G`, `Z` அழுத்திக் கைப்பிடிச் சுவரின் உச்சி வரை இழுங்கள். பக்க முகத்தை `G`, `X` அழுத்திச் சுவரின் கடைசி வரை. அடுத்ததை `G`, `Y`.

புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு இங்கேதான். அச்சைச் சொல்லாமல் வெறும் `G` மட்டும் அழுத்தி, முனையைப் படத்தில் உள்ள புள்ளியின் மேல் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். கேமராவில் அது அச்சாகப் பொருந்தும். நடுச் சுருளால் கொஞ்சம் திருப்பினால் வீடு காற்றடித்த குடைபோல் கோணியிருக்கும். காரணம் முதலில் சொன்னதுதான்: அந்தப் புள்ளிக்குப் பின்னால் ஒரு திசை முழுவதும் இருக்கிறது, அதில் எங்கே நின்றாலும் படத்தில் பொருந்தும். அச்சைப் பூட்டும்போதுதான் 'இந்த விளிம்பு x திசையில் ஓடுகிறது' என்ற அனுமானம் உள்ளே வருகிறது. படத்தில் பொருந்துவதால் மட்டும் மாதிரி சரி என்று ஆகிவிடாது. ஆகவே ஒவ்வோர் இழுப்புக்கும் ஓர் அச்சு, விதிவிலக்கு கிடையாது.

நம் வீட்டில் மூலை கேமராவிலிருந்து 10 மீட்டரில் நிற்கிறது. இடச் சுவர் 9 மீட்டர் என்றும், வலச் சுவர் 6 மீட்டர் என்றும் வருகிறது. இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? இடச் சுவரில், மூலைக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 172 பிக்சல் கிடைக்கிறது. தூரக் கடைசியில் 57 பிக்சல்தான். அங்கே 5 பிக்சல் பிசகினால் 9 செ.மீ. தப்பு. தரையைத் தொடும் இடத்தை வைத்து ஒரு பொருளின் தூரத்தைக் கணக்கிட்டால் இன்னும் மோசம்: மூலையில் 5 பிக்சல் பிசகினால் 11 செ.மீ., சுவரின் கடைசியில் 35 செ.மீ. ஆகவே 9.03 மீட்டர் என்று பிளெண்டர் காட்டினால் 9 என்று எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் இலக்கங்களுக்குப் பொருளில்லை.

ஜன்னலை வைத்துச் சோதிப்பது

சுவரில் `Ctrl+R` போட்டு வெட்டுக்கோடுகள் சேர்த்து, ஜன்னலின் நான்கு பக்கத்தோடும் பொருத்துங்கள். வெட்டுக்கோடு சுவரின் மேலேயே நகர்வதால் ஆழம் கெடாது.

ஒரே சுவரில் ஒரே மாதிரி இரண்டு ஜன்னல்கள் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். நம் இடச் சுவரில் ஒன்று மூலையிலிருந்து ஒன்றரை மீட்டரிலும் இன்னொன்று ஆறு மீட்டரிலும் இருக்கின்றன. படத்தில் பக்கத்து ஜன்னல் 150 பிக்சல் அகலம், தூரத்தில் இருப்பது 87 பிக்சல். மாதிரியில் இரண்டும் 1.20 மீட்டர் என்று வர வேண்டும். மறைபுள்ளியை 2100க்குப் பதில் 2300இல் வைத்திருந்தால், பக்கத்து ஜன்னல் 1.20 என்னும்போது தூரத்து ஜன்னல் 1.13தான் வரும். 1900இல் வைத்திருந்தால் 1.30 ஆகும். தூரத்தில் இருப்பது சுருங்கினால் மறைபுள்ளியை உள்ளே கொண்டுவர வேண்டும், விரிந்தால் வெளியே தள்ள வேண்டும். fSpyக்குத் திரும்பிப் போய்க் கோடுகளைத் திருத்தி, மறுபடி சேமித்துப் பிளெண்டருக்குள் கொண்டுவாருங்கள். இந்தச் சோதனையில் தேறாத மாதிரியின் மேல் ஒரு மணி நேரம் நுணுக்க வேலை செய்வது வீண். ஒரே மாதிரி ஜன்னல் இல்லை என்றால் தூண்களின் இடைவெளி, கைப்பிடிச் சுவர்க் கட்டங்கள், வெளிச்சுவர் டைல்ஸ் என்று திரும்பத் திரும்ப வரும் எதுவும் உதவும்.

சன்ஷேடு எவ்வளவு நீட்டியிருக்கிறது என்பதையும் படத்திலிருந்தே எடுக்கலாம். சுவரில் அதன் அடி எங்கே தொடங்குகிறது என்று வெட்டிவிட்டு, அந்த முகத்தை `E` அழுத்திச் சுவருக்கு நேர் வெளியே இழுங்கள். அதன் வெளி மூலை படத்தில் உள்ள மூலையைத் தொடும்போது நிறுத்திவிட்டு எண்ணைப் பாருங்கள். ஒன்றரை அடி, இரண்டடி என்று வந்தால் நம்பலாம். நாலடி என்று வந்தால் சன்ஷேடு சுவரைத் தொடும் கோட்டைத் தப்பாகப் பார்த்திருக்கிறீர்கள். பெரும்பாலும் நிழலின் விளிம்பை விளிம்பென்று எடுத்திருப்பீர்கள்.

டேங்க் எங்கே நிற்கிறது

மொட்டை மாடியில் ஒரு கறுப்புத் தண்ணீர் டேங்க். கீழே செங்கல் மேடை கட்டி அதன் மேல் வைத்திருக்கிறார்கள். மேடையின் அடி கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. படத்தில் டேங்கின் அகலம் 220 பிக்சல். இதை எங்கே வைப்பது?

ஆயிரம் லிட்டர் டேங்க் என்று கொள்வோம், விட்டம் ஏறக்குறைய 1.1 மீட்டர். 3000ஐ 1.1ஆல் பெருக்கி 220ஆல் வகுத்தால் 15 மீட்டர் தூரம். ஐந்நூறு லிட்டர் என்றால் விட்டம் 0.85, தூரம் 11.6 மீட்டர். இரண்டுமே வீட்டின் எல்லைக்குள்தான் விழுகின்றன. படத்தில் இரண்டும் அச்சு அசல் ஒன்றாகவே தெரியும். அடி தெரிந்திருந்தால் மாடித் தளம் என்ற அனுமானம் நமக்குத் தூரத்தைக் கொடுத்திருக்கும். அது மறைந்ததால் படத்தில் விடை இல்லை. அந்த வீட்டில் குடியிருந்த யாராவது 'மாடிப்படிக்கு மேலே இருந்தது' என்று சொன்னால் அதுதான் விடை. இந்த மாதிரி இடங்களில் பிக்சலை எவ்வளவு உருப்பெருக்கிப் பார்த்தாலும் பயனில்லை. அந்தத் தகவல் படத்தில் இல்லவே இல்லை.

மரம், செடி, துணிக்கொடி எல்லாம் இதே கதைதான். நேர்கோடும் இல்லை, செங்கோணமும் இல்லை. மரத்தின் தண்டு தரையைத் தொடும் இடம் தெரிந்தால், அங்கே ஒரு தட்டையான பலகையை நிறுத்தி அதில் மரத்தின் படத்தை ஒட்டுவதோடு விட்டுவிடுங்கள்.

படத்தைச் சுவரில் ஒட்டுவது

அதே புகைப்படத்தையே மாதிரியின் மேல் பாய்ச்சலாம். மாதிரிக்கு `UV Project` மாடிஃபையர் சேர்த்து, `Object` என்ற இடத்தில் fSpy கேமராவையும், `Aspect` இரண்டிலும் 4, 3 என்றும் கொடுங்கள். மெட்டீரியலில் உங்கள் படத்தை வையுங்கள்.

உடனே ஒன்று கண்ணை உறுத்தும்: பெரிய சுவரில் படம் வளைந்து, ஜன்னல்கள் இடம் மாறித் தெரியும். கேமரா தப்பாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். மாடிஃபையர் முனைகளில் மட்டும்தான் படத்தின் இடத்தைக் கணக்கிடுகிறது, நடுவில் சமமாக நிரவிவிடுகிறது. பார்வைச் சுருக்கமோ சமமாகப் போவதில்லை. சுவரைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்தால் சரியாகிவிடும். `Subdivision Surface` மாடிஃபையரை `Simple` என்று வைத்து, `UV Project`-க்கு மேலே போடுங்கள். நிலை 4 அல்லது 5 போதும்.

இரண்டாவது சிக்கல் பின்பக்கம். படம் வீட்டை ஊடுருவிப் போய்ப் பின்சுவரிலும் அதே கதவு ஜன்னலைப் பதித்துவிடும். தெரியாத முகங்கள் எல்லாவற்றுக்கும் தனி மெட்டீரியல் கொடுங்கள். சன்ஷேடுக்கு அடியிலும் அதற்குப் பின்னால் மறைந்த சுவர்த் துண்டிலும் சன்ஷேடின் படமே இழுபட்டுத் தெரியும். அங்கே பக்கத்துச் சுவரின் நிறத்தைப் பூசிவிடலாம். வெயிலும் நிழலும் படத்திலேயே பதிந்துவிட்டதால், பிளெண்டரில் வேறு திசையில் விளக்கு வைத்தால் நிழல் இரண்டாக விழும். இந்த மாதிரிக்கு விளக்கு வைக்காமல், படத்தின் ஒளியிலேயே காட்டுவது நல்லது.

எது தெரிந்தது, எது ஊகம்

நம் வீட்டில் இரண்டு சுவர்களும் அவற்றில் உள்ளவையும் படத்திலிருந்து வந்தவை. கேமரா 1.5 மீட்டரில், கைப்பிடிச் சுவரோ 4.5 மீட்டரில், எனவே மொட்டை மாடியின் தரையைப் படம் பார்க்கவே இல்லை. பின்சுவர்கள் இரண்டும், வீடு உண்மையிலேயே செவ்வகமா அல்லது பின்னால் ஓர் அறை துருத்திக்கொண்டு நின்றதா என்பதும் தெரியாது. பெட்டி முழுதாக நிற்பதால் பார்ப்பவருக்கு எல்லாமே தெரிந்ததுபோல ஒரு மயக்கம் வரும். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் உங்களுக்கே அந்த மயக்கம் வரும்.

அதனால் மாதிரியின் ஒரு நகலில் படத்துக்குப் பதில் மூன்று நிறம் பூசிவையுங்கள். படத்தில் நேரடியாகத் தெரிந்து, அச்சைப் பூட்டி அளந்த முகங்களுக்குப் பச்சை. செங்கோணம், எதிரெதிர்ச் சுவர் சம நீளம் போன்ற அனுமானத்தால் வந்தவற்றுக்கு மஞ்சள். டேங்கின் இடம், பின்பக்க ஜன்னல்கள்போல நாமாக வைத்தவற்றுக்குச் சிவப்பு. கூடவே ஒரு வரிக் குறிப்பு: எந்த அளவை நம்பி மொத்தமும் நிற்கிறது என்று. நம் வீட்டுக்கு அது 'கதவு 2.1 மீ., படி மூன்று, 15 செ.மீ.'. நாளைக்கு யாராவது பழைய சாமான்களிலிருந்து அந்தக் கதவின் நிலைச்சட்டத்தை எடுத்து அளந்து ஆறே முக்கால் அடி, அதாவது 2.06 மீட்டர் என்று சொன்னால் இந்தக் குறிப்பைத்தான் முதலில் திருத்த வேண்டும். படத்தில் தொடுவானம் கதவைப் பாதியில் வெட்டுவது மாறாது. பேஸ்மட்டமும் படியும் அதே விகிதத்தில் குறையும். ஆகவே கேமராவுக்குப் போட்ட பூட்டைத் திறந்துவிட்டு, மாதிரியையும் கேமராவையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, ஆதிப்புள்ளியை மையமாக வைத்து `S` அழுத்தி 0.98 என்று தட்டினால் வீடு முழுவதும் புது அளவுக்கு வந்துவிடும், படத்தோடு பொருத்தமும் கலையாது.